"95 சதவீத பிளேஸ்மென்ட்" விளம்பரமும் பயிற்சிக் கடனும்: ஓ.டி.பி. சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் தம்பி பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு வருடமாக வேலை தேடுகிறான். சென்னையில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாத டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்புக்கு 90,000 ரூபாய் கேட்கிறது. கையில் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வட்டி இல்லாமல் மாதம் 7,500 வீதம் 12 தவணை கட்டலாம், 95 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கிறது என்கிறார்கள். அப்பாவை இணைக் கடனாளியாகப் போடச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்:

இப்போதுள்ள நிலையில் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த நிறுவனம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதை அறிய உங்கள் கேள்வியில் உள்ள விவரங்கள் போதாது. ஆனால் அவர்கள் உங்களிடம் ஒரே பொருளாகக் காட்டுகிற இந்தத் திட்டத்துக்குள் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று, பயிற்சி நிறுவனம் பாடம் நடத்துவதாகவும் வேலை தேட உதவுவதாகவும் சொல்கிற ஒப்பந்தம். மற்றொன்று, பெயரை நீங்கள் இன்னும் கேட்டிராத ஒரு வங்கிசாரா நிதி நிறுவனத்துக்கு உங்கள் தம்பியும் அப்பாவும் 90,000 ரூபாயைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்கிற கடன் ஒப்பந்தம். முதல் ஒப்பந்தம் பொய்த்துப்போனாலும் இரண்டாவது தானாக ரத்தாகாது. நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பயிற்சி பாதியில் நின்றுபோன பிறகும் மாதா மாதம் தவணை பிடிக்கப்படுவதைக் கண்டு வங்கிக் கிளைக்கு ஓடிவந்த பெற்றோரிடம் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டி வந்தபோதெல்லாம், ஒரு மாதம் முன்னதாக யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனம் வருந்தியிருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கடன் எந்த நொடியில் உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கை ஆலோசகர் உங்கள் தம்பியின் பான் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை வாங்கி, கைப்பேசியில் ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்லி, அடுத்தடுத்து இரண்டு மூன்று ஓ.டி.பி. எண்களைக் கேட்பார். இதைச் "சேர்க்கைப் படிவம்" என்றோ "சீட் பிளாக் செய்வது" என்றோதான் சொல்வார்கள். உண்மையில் அந்த ஓ.டி.பி.களில் ஒன்று கடன் ஒப்பந்தத்தில் இடும் மின் கையெழுத்து. இன்னொன்று, மாதந்தோறும் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள வங்கிக்குத் தரும் இ-மேண்டேட் என்ற அனுமதி. பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். "வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்" என்று சொல்லப்படும் திட்டங்களிலும் இதையே கவனியுங்கள். பானும் இ-மேண்டேட்டும் கேட்டால், வாயால் என்ன சொன்னாலும், பெரும்பாலும் அது கடன்தான். எந்த நிதி நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் என்று கேளுங்கள். அந்தப் பெயர் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் பெயரும் கடன் தருபவரின் பெயரும் பல நேரங்களில் வேறாக இருக்கும். நமக்கு வேண்டியது கடன் தருபவரின் பெயர்.

அடுத்தது "வட்டி இல்லாத தவணை" என்ற சொல். கடன் தருகிற நிறுவனம் வட்டி வாங்காமல் தொழில் நடத்துவதில்லை. அந்த வட்டியைப் பயிற்சி நிறுவனம் முன்கூட்டியே கழித்துக்கொள்ள விடுகிறது: 90,000 ரூபாய்க் கடனில் நிதி நிறுவனம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை ஒரே தவணையில் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். அந்தப் பிடித்தத்தையும் சேர்த்துத்தான் கட்டணம் 90,000 என்று வைக்கப்பட்டிருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, "முழுப் பணத்தையும் இன்றைக்கே ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு?" என்று கேட்பதுதான். ஒரு பேச்சுக்கு, 78,000 என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் 78,000 ரூபாய் மதிப்புள்ள ஒன்றை வாங்கி, 12 மாதங்களில் 90,000 திருப்பித் தருகிறீர்கள். கூடுதல் 12,000 தானே, 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், முழுத் தொகையும் உங்களிடம் ஓர் ஆண்டு முழுக்க இருப்பதில்லை. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 27 சதவீத வட்டி. தங்க நகையை அடகு வைத்தால்கூட வங்கியில் இதைவிடக் குறைவான வட்டிக்குப் பணம் கிடைக்கும்.

ரொக்க விலை கேட்டால் சொல்லத் தயங்குவார்கள், அல்லது "ஸ்காலர்ஷிப் போக 90,000, உண்மையில் 1,40,000" என்று பேச்சை மாற்றுவார்கள். இன்று மட்டும் தரப்படும் ஸ்காலர்ஷிப் என்பது பெரும்பாலும் விலையை உயர்த்தி எழுதிக் குறைத்துக் காட்டுவதுதான். அதை விட்டுவிட்டு மீண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள். கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனி என்றால் 90,000 என்பது 1,06,200 ஆகிவிடும்.

கடன் தருபவர் ஒப்பந்தத்துக்கு முன்பே "கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்" என்ற முக்கிய விவரக் குறிப்பைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் இது பொருந்தும். அதில் கடன் தொகை, தவணை, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம், தவணை தவறினால் எவ்வளவு அபராதம், புகாரை யாரிடம் தருவது ஆகியவை இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதியின் பகுதி. அந்தத் தாளைக் கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவுடன் உட்கார்ந்து படியுங்கள். அதை முன்கூட்டித் தர மறுக்கிற இடத்தில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

செயலி வழியாக வாங்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி "கூலிங் ஆஃப்" என்ற ஒரு விலகல் காலத்தையும் வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக்குள் அசலையும், அதுவரையிலான நாட்களுக்குரிய வட்டியையும் கட்டிவிட்டு, முன்கூட்டி முடித்ததற்கான அபராதம் எதுவும் இல்லாமல் வெளியேறலாம். முன்பே தெரிவித்திருந்தால், செயலாக்கக் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ள முடியும். எத்தனை நாள் என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. குறைந்தது ஒரு நாள் தந்தாக வேண்டும். இது நல்ல பாதுகாப்பு. ஆனால் பயிற்சிக் கடனில் இதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கடன் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேராகப் பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விடுகிறது. வெளியேற வேண்டுமானால் அந்தப் பணத்தை அவர்கள் உடனே திருப்பித் தர வேண்டும், அல்லது நீங்கள் வேறு எங்கிருந்தாவது புரட்டிக் கட்ட வேண்டும். ஆகவே இந்த உரிமையை நம்பி முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்று நினைப்பது ஆபத்தானது. சரிபார்ப்பு முழுவதும் ஓ.டி.பி.க்கு முன்னாலேயே நடந்து முடிய வேண்டும்.

இப்போது 95 சதவீதத்துக்கு வருவோம். எந்தச் சதவீதமும் ஒரு பின்னம். மேலே உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல் கீழே உள்ள எண் எது என்று கேட்பதுதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமான வேலை. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆண்டில் 120 பேர் பணம் கட்டிச் சேர்கிறார்கள். அவர்களில் 78 பேர் படிப்பை முடிக்கிறார்கள். முடித்தவர்களில் 80 சதவீத வருகை, மாதிரி நேர்காணலில் தேர்ச்சி, பட்டப்படிப்பில் அரியர் இல்லாமை, எந்த ஊருக்கும் போகச் சம்மதம் என்ற நிபந்தனைகளைத் தாண்டி 60 பேர் "பிளேஸ்மென்ட்டுக்குத் தகுதியானவர்கள்" ஆகிறார்கள். அந்த 60 பேரில் 57 பேருக்கு ஏதோ ஒரு கடிதம் வருகிறது. 60க்கு 57 என்றால் 95 சதவீதம். விளம்பரத்தில் எண் அளவில் பொய் இல்லை.

இனி அந்த 57 பேரைப் பிரித்துப் பாருங்கள். 14 பேருக்குக் கிடைத்தது மூன்று மாத இன்டர்ன்ஷிப். கையில் வருவது சிறு உதவித்தொகை. 8 பேரைப் பயிற்சி நிறுவனமே சேர்க்கை ஆலோசகராகவும் தொலைபேசியில் அழைப்பவராகவும் வைத்துக்கொண்டது. மீதி 35 பேரில் 7 பேர் ஆஃபர் லெட்டர் வாங்கியும் சேரவில்லை, அல்லது சேர்ந்தது டேட்டா அனலிட்டிக்ஸ் வேலையே அல்ல. எஞ்சியவர்கள் 28 பேர். பணம் கட்டிய 120 பேரில் 28 என்றால் 23 சதவீதம், நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. உங்கள் தம்பி சேரும்போது நிற்கிற இடம் 120 பேர் வரிசையில்தான். 60 பேர் வரிசையில் அல்ல. கடனைக் கட்ட வேண்டியவர்களும் 120 பேர்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ப்ளூம்டெக் என்ற கணினிப் பயிற்சி நிறுவனம், முன்பு லாம்ப்டா ஸ்கூல் என்ற பெயரில் நடந்தது, வேலை கிடைத்த பிறகு வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், இது கடனே அல்ல என்று சொல்லி மாணவர்களைச் சேர்த்தது. அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் அதன் மீது உத்தரவு பிறப்பித்தது. அது கடன்தான் என்றும், ஒவ்வொன்றிலும் சராசரியாகச் சுமார் 4,000 டாலர் நிதிக் கட்டணம் மறைந்திருந்தது என்றும் கண்டறிந்தது. வேலை கிடைப்போர் 71 முதல் 86 சதவீதம் என்று வெளியே விளம்பரம் செய்துகொண்டிருந்த காலத்தில், நிறுவனத்தின் உள் கணக்குகள் 50 சதவீதத்தை ஒட்டியும் சில சமயம் 30 சதவீதம் வரை இறங்கியும் இருந்தன. அதன் தலைவர் ஒரு பிரிவில் 100 சதவீத வேலைவாய்ப்பு என்று சமூக வலைத்தளத்தில் பெருமையாக எழுதினார். அந்தப் பிரிவில் இருந்தது ஒரே ஒரு மாணவர் என்பதைத் தனிப்பட்ட உரையாடலில் ஒப்புக்கொண்டிருந்தார். பின்னத்தின் கீழ் எண்ணைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அப்படியானால் எந்த அளவுகோலை வைத்துக் கேட்பது? நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. கிராமப்புற இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாய திறன் திட்டத்தில், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை தர வேண்டும் என்றும், ஆஃபர் லெட்டர் வந்ததை வைத்து வேலை என்று எழுதிவிடாமல், தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வாங்கியதற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். அரசுத் திட்டங்கள் எல்லாம் குறையின்றி நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "மூன்று மாதச் சம்பளம்" என்ற வரையறை சரியானது, அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். ஆலோசகரிடம் மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: "கடைசியாக முடிந்த இரண்டு பிரிவுகளில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், இந்தப் படிப்புக்கு உரிய வேலையில் சேர்ந்து மூன்று மாதச் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் உள்ளவரின் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு?" நேரில் வாயால் சொல்வது எதுவும் பின்னால் சான்றாகாது, எழுத்தில் வந்த பதில்தான் நுகர்வோர் ஆணையத்தில் நிற்கும். "எட்டு லட்சம் வரை" என்பது பதிலே அல்ல. "வரை" என்ற சொல் ஒருவருக்குக் கிடைத்திருந்தாலும் உண்மையாகிவிடும்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும், நீங்களே செய்யக்கூடிய சரிபார்ப்பு இரண்டு உண்டு. முதலாவது, பழைய மாணவர்களைத் தேடிப் பேசுவது. நிறுவனம் தருகிற எண்களை அழைத்தால் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே பேசுவார்கள். லிங்க்ட்இன் தளத்தில் அந்தப் பயிற்சி நிறுவனத்தின் பெயரைத் தங்கள் படிப்பு விவரத்தில் போட்டவர்களைத் தேடி, உங்கள் தம்பியைப் போலவே பி.எஸ்சி. படித்து ஓராண்டு இடைவெளி உள்ளவர்களைப் பாருங்கள். பி.இ. கணினி படித்தவருக்குக் கிடைத்த வேலை உங்கள் தம்பிக்கு எதையும் சொல்லாது. அவருக்கு அந்தப் பயிற்சி இல்லாமலும் கிடைத்திருக்கலாம். ஐந்து பேருக்கு எழுதினால் இரண்டு பேராவது பதில் சொல்வார்கள். அவர்களிடம் "நல்லா இருந்ததா?" என்று கேட்காதீர்கள். "உங்கள் பிரிவில் முதல் நாள் எத்தனை பேர், கடைசி நாள் எத்தனை பேர்? எத்தனை நேர்காணல் ஏற்பாடு செய்தார்கள்? வேலை அவர்கள் மூலம் வந்ததா, நீங்களே நௌக்ரியில் விண்ணப்பித்ததா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் பதில், எந்தக் கையேட்டையும்விட அதிகம் சொல்லும்.

இரண்டாவது, வேலை கொடுத்ததாகக் காட்டப்படும் நிறுவனங்களைப் பார்ப்பது. சுவரில் உள்ள பெரிய நிறுவனச் சின்னங்களை விட்டுவிடுங்கள். பழைய மாணவர் ஒருவர் எப்போதோ அங்கே சேர்ந்திருந்தாலே சின்னம் வந்துவிடும். கடந்த ஓராண்டில் ஆள் எடுத்தவை என்று சொல்லப்படும் சிறிய, கேள்விப்படாத பெயர்களைத்தான் சரிபார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் "Establishment Search" என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயரைத் தந்தால், அது மாதந்தோறும் எத்தனை ஊழியர்களுக்கு நிதி செலுத்துகிறது என்பதைக் காணலாம். 40 பேரை எடுத்ததாகச் சொல்லப்படும் நிறுவனம் 11 பேருக்கு மட்டும் செலுத்திவந்தால், விளக்கம் கேட்க வேண்டிய இடம் அது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 20 பேருக்குக் குறைவாக உள்ள இடங்கள் அந்தச் சட்டத்துக்குள் வராமல் இருக்கலாம். 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் புதிதாகச் சேர்பவரை நிறுவனம் விட்டுவிடவும் முடியும். ஆகவே பெயர் இல்லை என்பதாலேயே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்தால் போதும். ஜி.எஸ்.டி. தளத்தில் "Search Taxpayer" பகுதியில் பயிற்சி நிறுவனத்தின் எண்ணைப் போட்டு, அது எப்போது பதிவானது என்பதையும் பாருங்கள். "பத்தாண்டு அனுபவம்" என்று சொல்லும் இடத்தின் பதிவு பதினான்கு மாதம் பழையதாக இருக்கக்கூடும்.

ஐ.எஸ்.ஓ. சான்று, எம்.எஸ்.எம்.இ. பதிவு, அரசு முத்திரை போன்றவற்றைப் பார்த்து மனம் இளக வேண்டாம். உத்யம் எனப்படும் எம்.எஸ்.எம்.இ. பதிவு, தொழில் நடத்துபவர் தாமே அறிவித்து இலவசமாகப் பெறுவது. பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. படிப்பு உண்மையிலேயே தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் வருகிறதா என்பதை nqr.gov.in தளத்தில் தேடினால் தெரியும். இது பின்னால் கடனுக்கும் உதவும்.

"வேலை உத்தரவாதம், இல்லையேல் பணம் வாபஸ்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால், உத்தரவாதத்தைவிட நிபந்தனைப் பக்கத்தை முதலில் படியுங்கள். "100 சதவீத வேலைவாய்ப்பு உதவி" என்பது உத்தரவாதம் அல்ல. உதவி செய்ததாகக் காட்ட ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும். உண்மையான உத்தரவாதத்திலும், எந்த ஊரில் எந்தச் சம்பளத்தில் எந்த வேலை வந்தாலும் மறுக்கக் கூடாது என்ற வரி இருந்தால், மாதம் 12,000 ரூபாய்க்கு இந்தூரில் ஒரு தொலைபேசி வேலையைக் காட்டி அவர்கள் கடமையை முடித்துவிடலாம். பணம் வாபஸ் என்றால் எத்தனை நாளில், ஜி.எஸ்.டி. போகவா, கடனை அவர்கள் நேரடியாக அடைப்பார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சி மையங்கள் வேலைவாய்ப்பு, தேர்ச்சி விகிதம் ஆகியவற்றைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஆகவே விளம்பரத்தின் புகைப்படம், ஆலோசகரின் வாட்ஸ்அப் செய்திகள், கட்டண ரசீது எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்து, படிப்பு தம்பிக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தால், கடனை அந்த ஆலோசகரின் மேசையில் வாங்காமல் வங்கியில் கேளுங்கள். மாதிரித் திறன் கடன் திட்டம் என்ற ஒன்று 2015இலிருந்து இருக்கிறது. அப்போது 1.5 லட்சம் வரைதான். 2024 ஜூலையில் திருத்தி 7.5 லட்சமாக உயர்த்தினார்கள். கடன் திரும்பாவிட்டால் இழப்பில் பெரும்பகுதியை ஏற்க ஓர் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகச் சேர்வது வழக்கம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தோடு இணைந்த பயிற்சி மையங்கள் ஆகியவற்றின் தகுதியான படிப்புகளுக்கு இது கிடைக்கும். திருத்தத்துக்குப் பிறகு ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் ஏற்றப்பட்ட வேறு சில படிப்புகளுக்கும் வாய்ப்பு உண்டு.

இத்திட்டத்தின் பெரிய நன்மை தவணை தொடங்கும் காலம். ஓராண்டு வரையான படிப்புக்கு, படிப்பு முடிந்த பிறகு ஆறு மாதம் வரை பொறுத்துத் தவணை தொடங்குவது இந்தத் திட்டத்தின் அமைப்பு; 50,000 முதல் ஒரு லட்சம் வரையான கடனைத் திருப்ப ஐந்தாண்டு வரை கிடைக்கும். ரொக்க விலை சுமார் 80,000 ரூபாய் என்று வைத்து, அதை 11 சதவீதத்தில் ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் மாதம் சுமார் 1,740 ரூபாய். மொத்தத்தில் 24,000க்கு மேல் வட்டி ஆகும். தவணை தொடங்கும் வரையான இடைக்கால வட்டி அதற்கு மேல். ஆகவே கூட்டுத் தொகையைப் பார்த்தால் இது மலிவாகத் தோன்றாது. ஆனால் மற்றத் திட்டத்தில் மாதம் 7,500 அடுத்த மாதமே தொடங்கிவிடும். ஆறு மாதப் படிப்பு முடிவதற்குள், தம்பி ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத நிலையில், 45,000 ரூபாய் குடும்பத்திலிருந்து போய்விடும். முதல் சம்பளம் கைக்கு 16,000 என்று வைத்தால், சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 போக 7,000 மிஞ்சும்; அதில் 7,500 கட்ட முடியாது, 1,740 கட்ட முடியும். கையில் பணம் வந்தபின் முன்கூட்டி அடைத்தால் வட்டியும் குறையும். கிளையில் "அப்படி ஒரு திட்டம் எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லக்கூடும். அது நடக்கிறது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விண்ணப்பத்தை எழுத்தில் தந்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் பேசலாம். வங்கி அந்தப் பயிற்சி நிறுவனத்தின் படிப்புக்குக் கடன் தர முடியாது என்று சொன்னால், அந்த மறுப்பும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

கடனே இல்லாத வழியையும் ஒரு வாரம் ஒதுக்கிப் பாருங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் நான் முதல்வன் திட்டத்தில் குறுகிய காலப் படிப்புகள் கட்டணமின்றி நடக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தாட்கோவின் இலவசப் பயிற்சிகளை விசாரியுங்கள். எக்செல், எஸ்.க்யூ.எல். இரண்டையும் அங்கே கற்று, இந்த வேலை தம்பிக்குப் பிடிக்கிறதா என்று மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டால், அதன் பிறகு பணம் கட்டும் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் தெளிவு இருக்கும்.

ஒருவேளை இந்தப் பதிலைப் படிப்பதற்குள் ஓ.டி.பி. சொல்லிவிட்டீர்கள் என்றால், இன்றே இதைச் செய்யுங்கள். விலகல் காலம் முடியாவிட்டால், கடன் தந்த நிறுவனத்துக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில், விலகுகிறோம், பணத்தைக் கடன் கணக்குக்கு நேரடியாகத் திருப்புங்கள் என்று எழுதுங்கள். காலம் கடந்திருந்தால், அல்லது பயிற்சி நின்றுபோயிருந்தால், கடன் தந்தவருக்கு எழுத்தில் புகார் தாருங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். பயிற்சி நிறுவனத்தின் மீது 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்து, தேவைப்பட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. கடன் தந்தவரையும் அதில் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கோபத்தில் இ-மேண்டேட்டை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் அபராதம் ஏறும், தம்பியின் சிபில் மதிப்பெண்ணோடு இணைக் கடனாளியான அப்பாவின் மதிப்பெண்ணும் இறங்கும், மின்வழித் தவணை திரும்புவதைக் காசோலை திரும்புவதைப் போல வழக்காக்கவும் சட்டத்தில் இடமுண்டு. புகார் நிலுவையில் இருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவித்து, முடிகிற வரை தவணையை "எதிர்ப்புடன் செலுத்துகிறோம்" என்று குறிப்பிட்டுக் கட்டிவாருங்கள். ஆலோசகர் இன்று மாலைக்குள் முடிவு கேட்டிருக்கிறார் என்றால், மேலே சொன்ன நான்கு எண்களைக் கேட்கும் மின்னஞ்சலை இப்போதே அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு அதை இங்கே பகிருங்கள். உங்களோடு சேர்ந்து படித்துப் பார்க்கிறேன்.